ஓரம் முறுக, மஞ்சள் தளும்ப

இரவு நேரப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து, "மாஸ்டர், ஒரு ஆஃப் பாயில். ஓரம் நல்லா முறுகட்டும், மஞ்சள் உடையாம இருக்கட்டும்" என்று சொன்னால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கல்லின் ஒரு பக்கம் எண்ணெய் விழும், அதன் மேல் முட்டை விழும், சுரீரென்று சத்தம் கிளம்பும். உப்பும் மிளகுத்தூளும் தூவி, திருப்பியால் ஒரே தள்ளு. தட்டில் வந்து நிற்கும்போது ஓரம் பொன்னிறத்தில் சுருண்டிருக்கும், நடுவில் மஞ்சள் கரு ஆடிக்கொண்டிருக்கும்.

அதையே வீட்டில் போட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. மஞ்சள் இளகலாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள வெள்ளை மூக்குச்சளி மாதிரி கொழகொழவென்று நிற்கிறது. வெள்ளை முழுக்க வெந்துவிட்டதென்றால் மஞ்சளும் சேர்ந்து வெந்து, ஃபுல் பாயிலுக்கும் ஆஃப் பாயிலுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகிவிடுகிறது. இரண்டிலும் ஓரம் வெளுத்துப்போய் ரப்பராகத்தான் இருக்கும்.

காரணம் கேட்டால், "தீ அதிகமாயிடுச்சு, சிம்மில் வைத்திருக்கணும்" என்பார்கள். என் அனுபவத்தில் உண்மை இதற்கு நேர் எதிர். சிம்மில் வைப்பதால்தான் மஞ்சள் வெந்துபோகிறது.

முட்டைக்குள் இருக்கும் இரண்டு பகுதிகளும் வெவ்வேறு சூட்டில் வேகின்றன. வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் கண்ணாடித்தன்மை போய்ப் பால் நிறத்துக்கு வரும். அப்போதும் அது நடுங்கும் பதத்தில்தான் இருக்கும். அதில் அதிகமாக உள்ள புரதம் இறுகுவதற்குச் சூடு 80ஐத் தொட வேண்டும். மஞ்சள் கருவோ 65 டிகிரியிலேயே கெட்டிப்படத் தொடங்கி 70இல் இறுகிவிடும். அதாவது வெள்ளை நன்றாக வேகும் சூட்டை முட்டை முழுவதற்கும் கொடுத்தால் மஞ்சள் தப்பிக்கவே முடியாது. வெள்ளையை 80க்குக் கொண்டுபோகும்போது மஞ்சளை 65க்குக் கீழே நிறுத்தியாக வேண்டும். ஆஃப் பாயிலின் வித்தை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இது எப்படிச் சாத்தியம்? நேரத்தால்தான். வெள்ளை கல்லில் பரந்து கிடக்கிறது. மெல்லியது, சூடு சீக்கிரம் ஊடுருவும். மஞ்சள் உருண்டையாகக் குவிந்து, வெள்ளை மெத்தையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் நடு வரை சூடு ஏற நேரம் பிடிக்கும். தீ நன்றாக இருந்தால் அந்த நேரத்துக்குள் வெள்ளை வெந்து முடிந்துவிடும், முட்டையை எடுத்துவிடலாம். சிம்மில் வைத்தால் வெள்ளையின் மேல்பகுதி வேக நாலைந்து நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் கீழிருந்து மஞ்சளுக்குள் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். மேலே கொழகொழப்பு போவதற்கும் உள்ளே மஞ்சள் இறுகுவதற்கும் சரியாக இருக்கும். மூடி போட்டு ஆவியில் வேகவைத்தால் சிம்மிலும் இளகலான மஞ்சள் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆவி ஓரத்தை நனைத்துவிடும், மஞ்சளின் மேலும் வெள்ளையாக ஒரு படலம் விழும். பூப்போன்ற ஆஃப் பாயில் வேண்டுமென்பவர்களுக்கு அது சரி. முறுகல் கேட்பவர்களுக்கு உதவாது.

முறுகல் எங்கிருந்து வருகிறது? வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் ஈரமான வெள்ளை வேகுமே தவிர சிவக்காது. ஓரம் மிக மெல்லியது. சூடான எண்ணெயில் பட்டதும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் குமிழிகளாக வெடித்து வெளியேறுகிறது. அந்தக் குமிழிகள் விட்டுப்போன ஓட்டைகள்தான் வலைபோல, ஜரிகைபோலத் தெரிகின்றன. தண்ணீர் போன பிறகு ஓரத்தின் சூடு 100ஐத் தாண்டி மேலே ஏறும். 140 வாக்கில் வெள்ளைக்கருவிலுள்ள புரதமும், அதிலேயே கொஞ்சம் இருக்கும் குளுக்கோஸ் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமும் வறுத்த வாசனையும் தருகின்றன. பொரித்த அப்பளத்தின் சத்தம் போல ஓரம் பல்லில் நொறுங்குவது, ஈரம் முழுக்கப் போனதற்கு அடையாளம்.

ஆகவே ஓரத்துக்குப் பெருஞ்சூடு, வெள்ளைக்கு நடுத்தரச் சூடு, மஞ்சளுக்கு ஏறக்குறைய சூடே இல்லை என்று மூன்று விதமாக ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது எண்ணெய்தான். கல் அடியை மட்டும் தொடும். முட்டை விழுந்ததும் அதன் ஓரம் கொஞ்சம் எழும்பிக்கொள்ளும், கல்லுக்கும் அதற்கும் நடுவே காற்று புகுந்துவிடும். எண்ணெய் தாராளமாக இருந்தால் அந்த இடைவெளிக்குள் ஓடிப்போய் ஓரத்தைக் கீழும் பக்கமும் தழுவிப் பொரிக்கும். எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்த கல்லில் முறுகல் வராததற்குக் காரணம் இதுதான். ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது மூன்று தேக்கரண்டி எண்ணெய் வேண்டும். பயப்பட வேண்டாம், எல்லாம் வயிற்றுக்குப் போகாது. எடுக்கும்போது பாதிக்கு மேல் கல்லிலேயே நின்றுவிடும்.

இங்கே பாத்திரத்தின் வடிவமும் கணக்கில் வரும். தட்டையான பெரிய தோசைக்கல்லில் மூன்று தேக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் அது நாலாபக்கமும் ஓடி, முட்டைக்குப் பக்கத்தில் ஒன்றும் மிஞ்சாது. நடுவில் லேசாகக் குழிந்த சின்ன இரும்புக் கல் இருந்தால் எண்ணெய் முட்டையைச் சுற்றியே தேங்கும். கரண்டி ஆம்லெட் போடும் இரும்புக் குழிக்கரண்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சின்னக் குழிக்குள் எண்ணெய் சேர்ந்து நிற்பதால்தான் அந்த ஆம்லெட்டின் விளிம்பு அப்படிச் சிவந்து வருகிறது. வீட்டில் தனியாகக் கல் வாங்க வேண்டுமென்றால் ஏழெட்டு அங்குலத்தில், கனமான இரும்பாகப் பார்த்து வாங்குங்கள். கனம் ஏன் என்றால், முட்டை விழுந்த கணத்தில் மெல்லிய கல்லின் சூடு தடாலென்று இறங்கிவிடும். கனமான இரும்பு சேர்த்துவைத்த சூட்டைக் கொடுத்துத் தாங்கும். பல வீடுகளில் தோசைக்கு ஒரு கல், முட்டைக்கு ஒரு கல் என்று பிரித்து வைத்திருப்பதில் சைவ அசைவக் கணக்கோடு சமையல் கணக்கும் இருக்கிறது. தோசை மாவு ஒட்டிய இடத்தில் முட்டை கண்டிப்பாகப் பிடிக்கும்.

நான்ஸ்டிக் கல்லிலும் இது வரும், ஆனால் முறுகல் ஒரு மாற்றுக் குறைவுதான். அதை வெறுமனே அடுப்பில் வைத்துக் காயவிடக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். முதலிலேயே எண்ணெயை விட்டு, அதனோடு சேர்த்துக் காயவிடுங்கள். எண்ணெய் புகைவதற்கு முன்பே முட்டையைப் போட்டால் அந்த எல்லைக்குப் போகவே வேண்டியிருக்காது.

எண்ணெயில் என் ஓட்டு கடலை எண்ணெய்க்கு. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் மணமாக இருக்கும், ஆனால் சுத்திகரித்த எண்ணெயைவிடச் சீக்கிரம் புகையும், கொஞ்சம் கவனம் வேண்டும். வெண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது. அதிலுள்ள நீர் சூட்டை இறக்கும், பால் பொருள் ஓரம் முறுகுவதற்கு முன்பே கருகிவிடும். அதையே உருக்கி வடித்த நெய் என்றால் தாராளமாக விடலாம்.

இனி முட்டை. "ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருந்தாத்தான் நல்லா வரும்" என்று சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். வெள்ளைக்கருவில் இரண்டு வகை உண்டு. மஞ்சளைச் சுற்றிக் கெட்டியாக மேடுகட்டி நிற்பது ஒன்று. அதற்கு வெளியே தண்ணீராக ஓடுவது இன்னொன்று. அன்று இட்ட முட்டையில் கெட்டி வெள்ளைதான் அதிகம். அது உயரமாகக் குவிந்து நிற்பதால் வேக நேரமெடுக்கும். ஓரத்துக்கு ஓடும் மெல்லிய வெள்ளை குறைவாக இருப்பதால் ஜரிகையும் குறையும். நாளாக ஆக, ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. வெள்ளைக்கருவில் சோடா உப்புக் கரைசலுக்குள்ள காரத்தன்மை கூடுகிறது, கெட்டி வெள்ளை நீர்த்துப்போகிறது. காரத்தன்மை கூடினால் சிவப்பதும் எளிது. ஆனால் ரொம்ப நாளானால் மஞ்சளைச் சுற்றியிருக்கும் சவ்வு தளர்ந்து, கல்லில் விழும்போதே உடையும். வெள்ளையும் இந்திய வரைபடம் மாதிரி கல் முழுக்க ஓடும். நாமக்கல் பண்ணையிலிருந்து வந்து கடையில் சில நாள் இருந்த முட்டைதான் இதற்கு வாகானது, நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பதும் அதுதான். சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக்கொண்டால் புதியது. அடியைத் தொட்டபடி லேசாகத் தலைதூக்கினால் நமக்கு ஏற்றது. மிதந்தால் குப்பைக்கு.

ஃப்ரிட்ஜில் வைத்த முட்டையை வெளியே எடுத்ததும் ஓட்டின் மேல் பனித்துளி பூக்கும். அது எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும் என்பதால் துடைத்துவிட்டு உடையுங்கள். மற்றபடி அதை அறைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கட்டாயமில்லை. மஞ்சள் குளிர்ந்திருந்தால் அது இறுக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், நமக்கு அது சாதகம்தான்.

இப்போது ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்போம். சின்ன இரும்புக் கல்லை நடுத்தரத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிடுங்கள். அதற்குள் முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கல்லின் மேல் உடைக்கும் லாகவம் மாஸ்டருக்கு இருக்கலாம். நமக்கு ஓட்டுத்துண்டு விழுந்தால் சூடான எண்ணெயில் விரல்விட்டு எடுக்க முடியாது. கல் காய்ந்ததும் மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டு அரை நிமிடம் பொறுங்கள். எண்ணெய் தண்ணீர் மாதிரி இளகி, கல்லைச் சாய்த்தால் சட்டென்று ஓடும். மேலே மெல்லிய வரிகள் நெளிவது தெரியும். உடைத்த ஓட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளையை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சத்தமே இல்லாமல் அடியில் கிடந்தால் இன்னும் காய வேண்டும். விழுந்ததும் சீறி, வெளுத்து, சுற்றிலும் குமிழி கட்டினால் அதுதான் பதம். விழுந்த வேகத்தில் பழுப்பாகிவிட்டாலோ எண்ணெயிலிருந்து புகை எழும்பினாலோ தீயைக் குறைத்துச் சிறிது நேரம் ஆறவிடுங்கள்.

கிண்ணத்தைக் கல்லுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோய் முட்டையைச் சரியவிடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் மஞ்சள் உடையும், எண்ணெய் கையில் தெறிக்கும். விழுந்ததும் எழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும் சத்தம் அது, இடைவிடாமல் சடசடக்க வேண்டும். அமுங்கிப்போனால் தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். பத்துப் பதினைந்து வினாடியில் ஓரம் வெளுத்துக் குமிழி விடும். உப்பை இப்போதே வெள்ளையின் மேல் தூவலாம். மஞ்சளின் மேல் விழுந்தால் உப்புக்கல் விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும்; மற்றபடி பாதகம் இல்லை.

அடுத்து வருவதுதான் பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை. கல்லை லேசாக உங்கள் பக்கம் சாய்த்தால் எண்ணெய் ஒரு ஓரத்தில் தேங்கும். அதைக் கரண்டியால் அள்ளி, மஞ்சளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள கெட்டி வெள்ளையின் மேல் ஊற்றுங்கள். கொழகொழவென்று கடைசிவரை அடம்பிடிப்பது அந்த வளையம்தான். கீழிருந்து சூடு அங்கே வந்துசேர்வதற்குக் காத்திருந்தால் மஞ்சள் கெட்டுவிடும். மேலிருந்து எண்ணெய் பட்டதும் கண்ணெதிரே வெளுக்கும். ஐந்தாறு முறை ஊற்றினால் போதும். ஸ்பெயின்காரர்கள் முட்டை பொரிப்பது இப்படித்தான், அதுவும் இன்னும் தாராளமான ஆலிவ் எண்ணெயில். ஓரத்து ஜரிகை இல்லாவிட்டால் அவர்கள் அதைப் பொரித்த முட்டையென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெலாஸ்கெஸ் என்ற ஓவியர் 1618இல் வரைந்த, முட்டை பொரிக்கும் மூதாட்டியின் படம் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரி அடுப்பின் மேல் மண்சட்டி, அதில் பாதி வெளுத்த முட்டை, மூதாட்டியின் ஒரு கையில் அடுத்த முட்டை, இன்னொரு கையில் கரண்டி. அந்தக் கரண்டிதான் நம் அடுக்களைகளில் காணாமல் போயிருக்கிறது.

ஒரு நிமிடம் தாண்டும்போது ஓரம் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். ஒன்றரை நிமிடத்தில் கல்லை லேசாக ஆட்டிப் பாருங்கள். மஞ்சள் தளும்ப வேண்டும், வெள்ளை அசையக் கூடாது. வெள்ளையும் சேர்ந்து நடுங்கினால் இன்னும் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். மஞ்சள் பளபளப்பு இழந்து அசையாமல் நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது. மெல்லிய திருப்பியை ஓரத்தின் கீழ் விட்டு எடுத்து, கல்லின் மேலேயே இரண்டு வினாடி சாய்த்துப் பிடித்து எண்ணெயை வடியவிட்டுத் தட்டுக்கு மாற்றுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கல்லிலேயே விட்டுவைத்தால் கனமான இரும்பு இன்னும் ஓரிரு நிமிடம் வேகவைத்துக்கொண்டேயிருக்கும்; வேண்டாம். மிளகுத்தூளைத் தட்டில் வந்தபிறகு தூவுவதே நல்லது. கொதிக்கும் எண்ணெயில் விழுந்த மிளகு கருகிக் கசக்கும்.

உடனே சாப்பிட வேண்டும். வெந்த வெள்ளைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி ஓரத்துக்கு வரும். ஐந்து நிமிடம் போனால் முறுகல் துவண்டுவிடும். வீட்டில் நாலு பேருக்கு ஒன்றாகப் போட்டு, மூடி வைத்து, பிறகு பரிமாறலாம் என்று திட்டம் போட்டால் நாலும் போச்சு. ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொருவருக்காகக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. ஒரே கல்லில் இரண்டு போட்டாலும் சூடு இறங்கும், இரண்டின் வெள்ளையும் ஒட்டிக்கொண்டு ஓரம் இல்லாமல் போகும்.

முட்டை கல்லில் பிடித்துக்கொள்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. கல் காயாமல் போட்டால் வெள்ளையிலுள்ள புரதம் இறுகுவதற்கு முன்பே இரும்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்ளும். காய்ந்த எண்ணெய் இருந்தால் தொட்டதுமே வெந்து தோல் கட்டி, ஆவியில் எழும்பி நிற்கும். அப்படியும் பிடித்தால் பிறாண்டாமல் பத்து வினாடி பொறுங்கள். ஓரம் முறுகியதும் அநேகமாகத் தானாகவே விடும். சோப்புப் போட்டுத் தேய்த்து வெளுத்த கல் என்றால் அதை முதலில் பழக்க வேண்டும். கழுவி, ஈரம் போகக் காயவைத்து, துளி எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவிப் புகையும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதை நாலைந்து முறை செய்தால் கருத்துப் பளபளக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து வைத்தாலே போதும்.

கடைசியாக ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இளகிய மஞ்சள் 65 டிகிரியைத் தொடாதது. அதில் சால்மொனெல்லா கிருமி இருந்தால் இந்தச் சூட்டில், இந்தச் சில வினாடிகளில் சாகாது. பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு, சிங்க முத்திரை குத்திய முட்டையைக் கர்ப்பிணிகளும் இளகலாகச் சாப்பிடலாம் என்று அரசு அறிவித்தது. அங்கே அந்த முத்திரைக்குரிய கோழிகளுக்கு சால்மொனெல்லா தடுப்பூசி போடுவது கட்டாயம். நம் ஊர்க் கடையில் தட்டில் அடுக்கிய முட்டைக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. விரிசல் விட்ட முட்டையை, எச்சம் ஒட்டிய முட்டையை ஆஃப் பாயிலுக்கு எடுக்காதீர்கள். கர்ப்பிணி, சின்னக் குழந்தை, வயதானவர், புற்றுநோய் சிகிச்சை போன்ற காரணங்களால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஃபுல் பாயில் கொடுங்கள். அதற்கும் இதே கல், இதே எண்ணெய்தான். ஓரம் முறுகியதும் திருப்பிப் போட்டு, மஞ்சளை அமுக்கினால் கல்லாக நிற்கும்வரை விட்டு எடுங்கள்.